இந்தியா ஏற்காத உடன்படிக்கையும் ஜெனீவாவுக்குப் போகும் புகாரும்

கேள்வி: ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறோம். சங்கத்தைப் பதிவு செய்துவிட்டோம், மெஜாரிட்டியும் எங்களிடம்தான் இருக்கிறது. நிர்வாகம் தனக்கு வேண்டியவர்களை வைத்து இன்னொரு சங்கம் ஆரம்பித்து, அதனுடன் 12(3) ஒப்பந்தம் போட்டுவிட்டது. எங்கள் செயலாளர் சஸ்பென்ஷனில் இருக்கிறார். இந்தியா 87, 98 உடன்படிக்கைகள் இரண்டையும் ஏற்கவில்லை என்கிறார்கள். அப்படியானால் ஐ.எல்.ஓ.வுக்கு எழுதி ஏதாவது பயன் உண்டா, ஐயா?

பதில்:

தோழருக்கு வணக்கம். எழுதலாம். ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வில், ஏற்புறுதி செய்யாத, அதாவது உடன்படிக்கையை முறைப்படி ஏற்காத நாட்டின் மீதும் புகாரை எடுத்துக்கொள்ளும் ஒரு குழு இருக்கிறது. அதைவிட முக்கியம், உங்கள் ஊருக்கு ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள அரக்கோணத்திலிருந்தே இதே வகைப் புகார் ஒன்று ஏற்கெனவே போயிருக்கிறது என்பது. ஆனால் அந்தப் புகாரின் எதிர்மனுதாரர் உங்கள் நிர்வாகம் அல்ல, இந்திய அரசு. இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால்தான் எதை எழுத வேண்டும், எதை எதிர்பார்க்கலாம் என்பது தெளிவாகும்.

சங்கம் அமைக்கும் சுதந்திரம் பற்றிய 87-ஆவது உடன்படிக்கை 1948-இலும், அமைப்பாகத் திரளும் உரிமை மற்றும் கூட்டுப் பேரம் பற்றிய 98-ஆவது உடன்படிக்கை 1949-இலும் நிறைவேறின. பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் இரண்டையும் ஏற்றுள்ளன. 1919-இல் ஐ.எல்.ஓ. தொடங்கியபோதே உறுப்பினராக இருந்த இந்தியா இன்றுவரை இரண்டையும் ஏற்கவில்லை. அரசு ஊழியர்களுக்கு நம் நடத்தை விதிகள் மறுத்துள்ள சில உரிமைகளை இந்த உடன்படிக்கைகளை ஏற்றால் கொடுக்க வேண்டிவரும் என்பதே அரசு பல காலமாகச் சொல்லிவரும் காரணம். ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் எந்த அளவுக்கு இவ்வுரிமைகளைத் தருவது என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே 87-ஆவது உடன்படிக்கை விட்டுவிடுகிறது. அரசு நிர்வாகத்தை நடத்தும் அலுவலர்களைப் பற்றிப் பேசவில்லை என்று 98-ஆவது உடன்படிக்கையும் சொல்கிறது. ஆகவே அந்தக் காரணம் போதுமானது என்று எனக்குத் தோன்றியதில்லை. அரசு ஊழியரைக் காரணம் காட்டி, ஷூ கம்பெனித் தொழிலாளியின் உரிமையும் சேர்த்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு நாடு உடன்படிக்கையை ஏற்றிருந்தால், அது குறிப்பிட்ட கால இடைவெளியில் அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கைகளை 20 பேர் கொண்ட வல்லுநர் குழு ஆண்டு இறுதியில் ஆராயும். கடுமையான சில நாடுகளின் நிலையை அடுத்த ஜூன் மாநாட்டில், அரசுகளும் முதலாளிகளும் தொழிலாளர்களும் அமர்ந்திருக்கும் குழு, அந்த நாட்டு அரசை எதிரே வைத்து விவாதிக்கும். 87, 98 விஷயத்தில் இந்தியாவுக்கு இந்த வழி திறக்கவில்லை. உங்களுக்குப் பயன்படுவது 1951-இல் ஐ.எல்.ஓ.வின் நிர்வாகக் குழு ஏற்படுத்திய சங்கச் சுதந்திரக் குழு. உறுப்பு நாடாகச் சேரும்போதே அமைப்பின் சாசனத்தை ஒரு நாடு ஏற்றுக்கொள்கிறது, 1944-ஆம் ஆண்டின் பிலடெல்பியா பிரகடனமும் அந்தச் சாசனத்தின் பகுதி, அதில் சங்கச் சுதந்திரம் ஓர் அடிப்படைக் கொள்கை. எனவே தனியாக ஏற்புறுதி இல்லாமலேயே அந்தக் கொள்கை உறுப்பு நாட்டைக் கட்டுப்படுத்தும். இந்தக் குழுவின் அதிகாரம் நிற்பது இந்த வாதத்தின் மீதுதான். இந்தியாவும் இந்தப் புகார்களுக்குப் பதில் அனுப்பியே வந்திருக்கிறது.

குழுவில் அரசுத் தரப்பில் மூவர், முதலாளிகள் தரப்பில் மூவர், தொழிலாளர் தரப்பில் மூவர், அவர்களுக்கு மேல் எத்தரப்பையும் சாராத ஒரு தலைவர். ஆண்டுக்கு மூன்று முறை, மார்ச்சிலும் மே மாத இறுதியை ஒட்டியும் அக்டோபர் இறுதியை ஒட்டியும் கூடுகிறார்கள். எந்த நாட்டின் மீது புகாரோ அந்த நாட்டைச் சேர்ந்தவர் அந்த விவாதத்தில் உட்காரக் கூடாது. சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எதுவும் வழக்கமாகக் கிடையாது, நீங்கள் அனுப்பும் காகிதமும் அரசு அனுப்பும் காகிதமும்தான் அங்கே பேசும். முதலாளிகளின் பிரதிநிதிகளும் சேர்ந்து ஒப்புக்கொண்ட முடிவாகவே அறிக்கை வெளிவருவது வழக்கம் என்பதால், அதை ஒருதலைப்பட்சமானது என்று தள்ளுவது நிர்வாகத் தரப்புக்கு எளிதல்ல.

இனி அரக்கோணத்துக் கதைக்கு வருகிறேன். அரக்கோணம் அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்தது, 2019-இல் மாவட்டத்தைப் பிரித்தபோதுதான் ராணிப்பேட்டையுடன் சேர்ந்தது. அங்குள்ள எம்.ஆர்.எஃப். டயர் ஆலைத் தொழிலாளர்களின் சங்கமான எம்.ஆர்.எஃப். யுனைடெட் ஒர்க்கர்ஸ் யூனியன் 2006-இல் கொடுத்த புகார், குழுவின் பதிவேட்டில் 2512 என்ற எண்ணில் இருக்கிறது. நிர்வாகத்தின் ஆதரவில் ஒரு போட்டிச் சங்கம் உருவாக்கப்பட்டது, தங்கள் உறுப்பினர்கள் வேலைநீக்கம், சஸ்பென்ஷன், இடமாற்றம் ஆகியவற்றுக்கு ஆளானார்கள், ஊதியம் காரணமின்றிக் குறைக்கப்பட்டது, பொய் வழக்குகள் போடப்பட்டன என்பவை சங்கத்தின் குற்றச்சாட்டுகள். இவை ஒரு தரப்பின் குற்றச்சாட்டுகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குழு எங்கோ ஜெனீவாவில் உட்கார்ந்துகொண்டு இன்னார் இன்னாரை அடித்தார் என்று தீர்ப்பு எழுதுவதில்லை.

நிறுவனம் செய்ததாகச் சொல்லப்படும் காரியங்களுக்கு அரசு எப்படிப் பதில் சொல்ல முடியும் என்ற கேள்வி இங்கே இயல்பாக எழும். 2007 நவம்பர் அறிக்கையில் குழு தொட்ட இரண்டு இடங்களைப் பாருங்கள். எந்தச் சங்கம் பெரும்பான்மையைப் பிரதிநிதித்துவம் செய்கிறது என்று தெளிவாகத் தெரியாதபோது அதை முடிவு செய்வதற்கான விதிமுறை சட்டத்திலேயே வேண்டும், அதைக் கொண்டுவருவதைப் பற்றித் தொழிலாளர், முதலாளி அமைப்புகளுடன் கலந்து அரசு முனைப்புடன் ஆராய வேண்டும் என்றது. சஸ்பெண்ட் செய்யப்பட்ட தொழிலாளியும் தொழிற்சங்கமும் மாநில அரசின் பரிந்துரைக்காகக் காத்திராமல் நேரடியாக நீதிமன்றம் செல்லும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றது. இரண்டுமே அரசு செய்யத் தவறியவை. நிர்வாகத்தின் செயலுக்குப் பின்னால் அரசின் செயலின்மையைக் கண்டுபிடித்துக் காட்டிய புகார் அது என்பதால்தான் அது நின்றது.

அந்த இரண்டு இடங்களும் உங்கள் கம்பெனியின் சிக்கலோடு எப்படிப் பொருந்துகின்றன என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் தொழிற்சங்கத்துக்கு அங்கீகாரம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் சட்டம் இல்லாமல் இருந்தது. மகாராஷ்டிரத்தில் 1971-இலேயே அங்கீகாரச் சட்டம் வந்துவிட்டது. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்கீழ் கிடைத்தது பதிவு மட்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டி, எங்களோடு பேசித்தான் ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியவில்லை. இந்த வெற்றிடத்தில்தான் 12(3) விளையாடியது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டத்தின்படி, இரு தரப்பும் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. அதே ஒப்பந்தம் சமரச அலுவலர் முன்னிலையில் 12(3) ஆகக் கையெழுத்தானால், அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும், பிறகு வந்து சேர்பவர்களையும்கூடக் கட்டுப்படுத்தியது. நூறு பேர் வேலை செய்யும் ஓர் இடத்தில் இருபது பேரின் சங்கம் போட்ட கையெழுத்து எண்பது பேரின் சம்பளத்தைச் சில ஆண்டுகளுக்கு முடிவு செய்துவிடும். அந்த மேசையில் அரசு அலுவலர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். இந்தச் சங்கத்துக்கு உண்மையில் எத்தனை உறுப்பினர்கள் என்று அவர் சரிபார்த்தாரா, நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்திருந்தும் அதைப் பதிவு செய்யாமல் விட்டாரா என்பதெல்லாம் நேரடியாக அரசைச் சேரும் கேள்விகள். உங்கள் புகாரின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

நீதிமன்றத்துக்குப் போகும் வழியிலும் இதே நிலைதான் இருந்தது. வேலைநீக்கம் செய்யப்பட்ட தனித் தொழிலாளி, சமரசம் முறிந்த பிறகு 2-ஏ பிரிவின்கீழ் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்று தமிழ்நாடு 1988-லேயே திருத்தம் செய்துவிட்டது. நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு இது 2010-இல்தான் வந்தது. ஆனால் சங்கம் எழுப்பும் 2(கே) தகராறு, அதாவது ஊதியம், அங்கீகாரம், பழிவாங்கல் போன்ற கூட்டுப் பிரச்சினை, சமரசம் முறிந்தது என்ற அறிக்கைக்குப் பிறகு சென்னைக் கோட்டைக்குப் போய், அரசு பரிந்துரைத்தால்தான் தீர்ப்பாயத்துக்கு வந்தது. உங்கள் செயலாளரைப் போல சஸ்பென்ஷனில் இருந்தவருக்கும் 2-ஏ கதவு திறக்கவில்லை, ஏனென்றால் அவர் இன்னும் வேலைநீக்கம் செய்யப்பட்டிருக்கவில்லை. நிர்வாகங்கள் இதை நன்றாக அறிந்தே வேலையை விட்டு நீக்காமல் மாதக்கணக்கில் தொங்கவிடுகின்றன. குழு 'சஸ்பெண்ட் செய்யப்பட்டவர்கள்' என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டது இந்த ஓட்டையைப் பார்த்துத்தான் என்று நான் கருதுகிறேன்.

அறிக்கை வந்ததும் அரக்கோணத்தில் மறுநாளே எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிடவில்லை. வழக்கு பல ஆண்டுகள் தொடர் கண்காணிப்பில் இருந்தது, குழு மீண்டும் மீண்டும் கேட்டது, அரசு பதில் எழுதியது. ஆனால் 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருப்பது, இந்த இரண்டு இடங்களையுமே தொடுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், பணியாளர் பதிவேடான மஸ்டர் ரோலில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஆதரவு உள்ள சங்கமே ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் 51 இல்லையென்றால், குறைந்தது 20 சதவீதம் வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு அமைய வேண்டும். சமரசம் முறிந்தால் அரசின் பரிந்துரை தேவையில்லை, 90 நாட்களுக்குள் நேரடியாகத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஜெனீவா சொன்னதால்தான் இது வந்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. கேட்டது ஓரளவு சட்டத்தில் ஏறியிருக்கிறது என்பது உண்மை. அதே தொகுப்பு எல்லாத் தொழிற்சாலைகளிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்குகிறது, பாதிப் பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அதை வேலைநிறுத்தம் என்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்கிறது என்பதே என் மதிப்பீடு.

ஆகவே உங்கள் முதல் வேலை இங்கேயே இருக்கிறது. மெஜாரிட்டி இருக்கிறது என்கிறீர்களே, அதை 51 சதவீதமாக நிரூபிக்க முடியுமா? ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலில் ஒரே கூரையின்கீழ் கம்பெனி ரோலில் ஒரு கூட்டமும் காண்ட்ராக்ட் ரோலில் ஒரு கூட்டமும் உட்கார்ந்து தைக்கின்றன. உங்கள் உறுப்பினர்களில் பலர் காண்ட்ராக்ட் ரோலில் இருந்தால், யாருடைய மஸ்டர் ரோலை வைத்து எண்ணுவது என்ற தகராறில் உங்கள் மெஜாரிட்டி கரைந்துபோகும். உறுப்பினர் படிவம், சந்தா ரசீது, ரோல் விவரம் மூன்றையும் ஆள் ஆளாக ஒப்பிட்டு ஒரு பட்டியல் தயாரியுங்கள். பிறகு பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கும்படி எழுத்தில் கேட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, நகலைத் தொழிலாளர் துறைக்கும் கொடுங்கள். மறுத்தால் தகராறு எழுப்புங்கள். உள்நாட்டு வழிகளை முடித்துவிட்டுத்தான் ஜெனீவா வர வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஆனால் இங்கே வழக்கு நிலுவையில் இருப்பதைக் குழு கணக்கில் எடுத்துக்கொள்ளும், முயற்சியே செய்யாத சங்கத்தின் காகிதக் கட்டு மெலிந்தும் இருக்கும்.

ஜெனீவாப் புகார் எழுத்தில் இருக்க வேண்டும், அதிகாரம் பெற்ற நிர்வாகி கையெழுத்திட வேண்டும், சான்றுகள் இணைக்கப்பட வேண்டும். தனி ஆள் கொடுக்க முடியாது, தொண்டு நிறுவனமும் கொடுக்க முடியாது. விஷயத்தில் நேரடியாகத் தொடர்புள்ள தேசிய அளவிலான அல்லது உள்ளூர்ச் சங்கமோ, அது இணைந்துள்ள சர்வதேச அமைப்போ கொடுக்கலாம். உங்கள் சங்கம் ஒரு மத்தியச் சங்கத்தோடு இணைந்திருந்தால், அதன் ஆதரவுக் கடிதத்தையும் சேர்ப்பது வலு. கிடைத்ததும், மேலதிக விவரம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் அனுப்பச் சொல்வார்கள், பிறகு நகல் இந்திய அரசுக்குப் போகும், டெல்லி சென்னையைக் கேட்கும், சென்னை உங்கள் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தைக் கேட்கும். மாதக்கணக்கில் உங்கள் மனுவைத் தொடாத மேசைக்கு, அந்த மனு என்ன ஆயிற்று என்று மேலிருந்து கேள்வி வரும். அரசு பதிலே அனுப்பாவிட்டால், பதிலின்றியே அடுத்த அமர்வில் அறிக்கை எழுதுவோம் என்று குழு அவசர அழைப்பு விடுக்கும்.

என் அனுபவத்தில் சங்கங்களின் வரைவுகள் கெட்டுப்போவது ஒரே இடத்தில்தான். போனஸ் பாக்கி, பி.எஃப். கட்டாதது, கேண்டீன் சாப்பாடு, சூப்பர்வைசரின் வசவு எல்லாவற்றையும் சேர்த்துப் பதினைந்து பக்கம் எழுதுகிறார்கள். அவை நியாயமான குறைகள், ஆனால் அந்தக் குழுவின் வேலைக்குள் வராதவை. ஒவ்வொரு பத்தியையும் எழுதிவிட்டு, 'இது சங்கம் சார்ந்த உரிமையா, இதில் அரசு என்ன செய்தது அல்லது செய்யத் தவறியது?' என்று கேளுங்கள். உதாரணமாக, 'செயலாளரைப் பழிவாங்கினார்கள்' என்ற வாக்கியம் வீண். 'நாங்கள் கோரிக்கைப் பட்டியல் கொடுத்தது இந்தத் தேதி, போட்டிச் சங்கம் பதிவானது இந்தத் தேதி, செயலாளருக்கு சஸ்பென்ஷன் உத்தரவு வந்தது அதற்கு அடுத்த வாரம், அதைப் பழிவாங்கும் நடவடிக்கை என்று தொழிலாளர் துறைக்கு நாங்கள் மனுக் கொடுத்தது இந்தத் தேதி, இன்றுவரை விசாரணை இல்லை' என்று எழுதினால், ஒவ்வொரு தேதிக்கும் அரசு பதில் சொல்லியாக வேண்டும். நிர்வாகச் சங்கம் அமைப்பதை நியாயமற்ற தொழில் நடைமுறை என்று 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையே சொன்னது, ஆனால் வழக்குத் தொடுக்க அரசோ அதன் அனுமதியோ வேண்டும். அந்த அனுமதியைக் கேட்டு மறுக்கப்பட்ட கடிதம் உங்களிடம் இருந்தால், அது நூறு பக்கத்துக்குச் சமம்.

குழுவின் அறிக்கை இங்குள்ள நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. இதற்கும் நம் மாநிலமே உதாரணம். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும், வேலூர் மாவட்டத்தினர் உட்பட, ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் வரை எஸ்மா அவசரச் சட்டத்தால் வேலையிழந்தார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டிலேயே சொன்னது. பிறகு வந்த 2364-ஆம் எண் புகாரில் சங்கச் சுதந்திரக் குழு வேறு முடிவுக்கு வந்து, தமிழ்நாட்டின் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தையும் நடத்தை விதிகளையும் திருத்தும்படி கேட்டது. இந்திய நீதிமன்றத்தில் இன்றும் நிற்பது உச்ச நீதிமன்றத்தின் வாக்குத்தான். எனினும் உள்நாட்டுச் சட்டத்தோடு முரண்படாத இடத்தில் சர்வதேசக் கொள்கைகளை வைத்துச் சட்டத்தைப் பொருள்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 1997-ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பு கூறியிருப்பதால், உங்கள் வழக்கறிஞர் ரிட் மனுவில் குழு அறிக்கையை இணைக்கலாம்.

ஏற்றுமதி ஷூ என்பதால் இன்னொரு பயனும் உண்டு. 2023 முதல் நடைமுறையில் உள்ள ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம், தன் அட்டவணையில் 87, 98 இரண்டையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. உங்கள் ஷூவை வாங்குவது அந்தச் சட்டத்துக்குள் வரும் பெரிய ஜெர்மன் நிறுவனமாக இருந்தால், அது ஏற்படுத்த வேண்டிய புகார் முறைக்கு நீங்கள் எழுதலாம். அங்கே எதிர்த்தரப்பு அரசு அல்ல, வாங்குபவர். டெல்லியிலிருந்து பதில் வருவதைவிட அங்கிருந்து நிர்வாகத்துக்கு அழைப்பு வருவது பல நேரம் விரைவாக நடக்கும்.

அறிக்கை வந்த பின்பும் சங்கம் சும்மா இருக்கக் கூடாது. குழு பொதுவாக மூன்று வகையில் முடிக்கும்: மேலும் விசாரிக்க வேண்டியதில்லை என்ற இறுதி முடிவு, இடைக்கால அறிக்கை, தொடர்ந்து தகவல் தெரிவிக்கும்படி அரசைக் கேட்பது. மூன்றாவது வகையானால், அரசு எழுதும் பதிலில் 'பேச்சுவார்த்தை நடக்கிறது, நிலைமை சுமுகம்' என்று இருக்கும். அது உண்மையல்ல என்றால் உங்கள் மறுப்பை அடுத்த அமர்வுக்கு முன்பே தேதியோடும் சான்றோடும் அனுப்ப வேண்டும். அதற்கு ஒரே பொறுப்பாளரை இப்போதே நியமித்து, சமரசப் பேச்சு நடந்த ஒவ்வொரு நாளின் நடவடிக்கைக் குறிப்பின் சான்றிட்ட நகலையும் அன்றன்றே கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.